சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்

அக்கா எந்தத் தாளையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, எது எழுத்து, எது நீர்க்குறி என்று பார்த்த பிறகே ஸ்கேனரில் வைப்பாள். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், கணினி பிரித்தெடுக்கும் எழுத்துகளில் கலந்துவரும் நீர்க்குறியையும் பின்னணிக் கோலத்தையும் நீக்குவது அவள் வேலை.

அத்தானின் நர்ஸிங் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தினமும் பார்த்தது. அதைச் சாய்த்துப் பார்க்கவில்லை. நீர்க்குறியோடு சிதைந்து வந்த பொடி எழுத்தையும் அழித்துவிட்டாள். பதிவைப் புதுப்பித்தால்தான் சான்றிதழ் செல்லும் என்ற வரி அது. அத்தான் வேலைக்கு விண்ணப்பித்திருந்த வெளிநாட்டு மருத்துவமனை மொழிபெயர்ப்பை அசலோடு ஒப்பிட்டு, வேண்டுமென்றே மறைத்ததாகச் சொல்லி அவரை நிராகரித்தது. பதிவைப் புதுப்பித்த சீட்டோ அனுப்பப்படாமல் பீரோவிலேயே இருந்தது.

“ஊர்ல உள்ளவன் தாளையெல்லாம் உத்து உத்துப் பாக்குறே. என்னோடது மட்டும் குப்பையா?”

“ஸ்கேன்ல அந்த வரி குப்பை மாதிரிதாங்க வந்துச்சு.”

“அப்போ நானும் அப்படித்தான் தெரியிறேன் போல.”

இப்போது அக்கா பொடி எழுத்தை ஒன்று விடாமல் மொழிபெயர்ப்புக்கு அனுப்புகிறாள். அத்தான் அவளோடு பேசுவதில்லை.