என் அசோகா, அவள் வீடியோ

ஒரத்தநாட்டில் நான் சமையல் சேனல் தொடங்கிய பிறகுதான் சீர்காழியில் என் ஓர்ப்படி தொடங்கினாள். கொழுந்தனாரின் மனைவி; கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு வெந்நீர் வைக்க மட்டுமே தெரியும். அசோகா அல்வா கிளற அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதே அல்வாவைப் போட்டு அவள் ஊரெல்லாம் பேர் வாங்கினால் வயிறு எரியாதா? எரிந்தது.

என் வீடியோவில் என்ன குறை? பித்தளை உருளி, பட்டுப்புடவை, பின்னால் வீணை இசை. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய் என்று எல்லா அளவையும் ஆரம்பத்திலேயே ஒரே திரையில் எழுதிவிட்டேன். கிளறுவது சலிப்பாக இருக்குமென்று வெட்டி எறிந்தேன். சர்க்கரை விழும், அடுத்த காட்சியில் அல்வா கிண்ணத்தில் பளபளக்கும்.

வெளிநாட்டில் படிக்கும் என் மகள் ஒருநாள் அல்வா படம் அனுப்பினாள். பதம் அச்சு அசல் என்னுடையது. பெருமை தாங்காமல் போன் செய்தேன்.

"சித்தி வீடியோ பாத்துச் செஞ்சேம்மா. உன்னுத பாத்துச் செஞ்சப்ப சர்க்கரை போட்டதும் கூழா ஓடிடுச்சு. பயந்துபோய் இன்னும் மாவு கொட்டிட்டேன்."

பெற்ற பெண்ணே கட்சி மாறிவிட்டாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்கவே அவள் வீடியோவைப் பார்த்தேன்.

சிறுக்கி, நன்றாகத்தான் எடுத்திருந்தாள். எந்தப் பொருள் வாணலியில் விழுகிறதோ, அந்த நொடியில் அதன் அளவு மட்டும் திரையில் வந்தது. சர்க்கரை விழுந்து கலவை இளகியதும் கேமரா கிட்டே போனது. 'இளகும், பயப்படாதீங்க' என்று எழுத்து. கிளறுவதை வேகமாக ஓட்டிய இடத்தில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மூலையில் காட்டினாள். நெய் ஓரத்தில் கக்கும்போது மறுபடி நிஜ வேகம். கரண்டி இழுத்த தடம் மூடாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

நானும் விடவில்லை. வீணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வரிசையில், அதே கிட்டக் காட்சிகளோடு மறுபடி எடுத்துப் போட்டேன். கை நோகக் கிளறியதில் அவளைவிட என் அல்வா ஒரு படி மேல்.

முதல் கமெண்ட் வந்தது: "சீர்காழி அக்கா வீடியோவ அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

என் அல்வா! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதப் போவதற்குள் கீழே அவளே எழுதியிருந்தாள்: "அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு இந்த அல்வாவக் கத்துக்கொடுத்ததே இந்த அக்காதாங்க."

நல்லவள்தான். ஆனால் அந்த ஒரு வரிக்கு விழுந்த லைக், என் வீடியோவுக்கு இன்றுவரை விழவில்லை.