தலை கழுவுகிறவளின் கை

பெண்களுக்கு முடி வெட்டும் கடை அது. வெட்டுவதும் சாயம் பூசுவதும் அண்ணி. தலை கழுவிவிடுவது நாத்தனார். அவள் விரல் பட்டதும் சாய்வு நாற்காலியிலேயே குறட்டை விடுகிறவர்கள் உண்டு என்பதால் வாடிக்கைக்காரிகள் அவளுக்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன்தான் அங்கே கொண்டுவந்து சேர்த்தான். அந்தத் தொட்டியும் குழாயும்தான் அவளுக்குச் சோறு.

அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது வியாதி. முதலில் விரலிடுக்கில் பொடிக் கொப்புளம். பிறகு தோல் வெடித்து, சோறு பிசைய முடியாத எரிச்சல். உறை மாட்டிக் கழுவிப் பார்த்தாள்; முடி சிக்கி இழுக்கிறது என்று வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கையைப் பார்த்தவர்களோ தலையைக் கொடுக்கவே தயங்கினார்கள். இப்படியே ஆறாமல் போனால் வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் அழுத்திச் சொன்னார். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை சேர்த்து மாத்தினா எது பண்ணுச்சுன்னு ஜென்மத்துக்கும் தெரியாது. மாத்தின உடனே பலன் தெரியாது, பொறுத்துப் பாக்கணும்."

பொறுமைக்கு அவளிடம் என்ன பஞ்சம்? வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை மாற்றிக் காத்திருந்தாள். ஆறவில்லை. குளிக்கிற சோப்பை மாற்றினாள். கையில் தடவும் கிரீமை நிறுத்தினாள். கடைக்கு வந்து, பச்சை பாட்டில் ஷாம்புவை விட்டு வெள்ளை பாட்டிலுக்கு மாறினாள். அதுவும் ஆகாமல், குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் நீல பாட்டிலுக்கு மாறினாள். ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். ஷாம்பு இல்லை என்று தீர்மானித்துத் தண்ணீரின் மேல் பழியைப் போட்டாள், தன் ரத்தத்தின் மேல் போட்டாள். மூன்று பாட்டிலையும் அவள் மாற்றி மாற்றி அமுக்கியதை அண்ணி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கடைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தாள். கை பூப்போல ஆறியது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். பாத்திர சோப்பு, ஒன்றும் இல்லை. குளிக்கிற சோப்பு, கிரீம், ஒன்றும் இல்லை. கடைக்கு வந்து, சாயம் துடைத்த துண்டுகளைக்கூட வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து பார்த்தாள். அப்போதும் இல்லை. நீல பாட்டிலைத் தொட்டாள். இரண்டாம் நாளே விரலிடுக்கில் கொப்புளம்.

அவளுக்குப் புரியவில்லை. அதே கம்பெனி நீல பாட்டில் ஷாம்பு வாங்கித்தான் வீட்டில் தன் மகளுக்குத் தலை கசக்குகிறாள்; அங்கே ஒன்றும் செய்யாதது இங்கே மட்டும் ஏன் கடிக்கிறது? கேட்டுவிடலாம் என்று பின்கட்டுக்குப் போனாள். அங்கே அண்ணி புனல் வைத்து ஒரு பெரிய வெள்ளை கேனிலிருந்து மலிவு ஷாம்புவைக் காலி பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பச்சைக்கும் அதுதான், வெள்ளைக்கும் அதுதான், நீலத்துக்கும் அதுதான்.

"அண்ணி, நான் மாத்தி மாத்திப் போட்டது எல்லாம் இதுதானா?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தான். உன் கைக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?"

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

அவள் சண்டை போடவில்லை. டாக்டரம்மா சொன்ன முறையை விடக்கூடாது என்று மறுபடி கையை ஆறவிட்டு, சீல் உடைக்காத நீல பாட்டில் ஒன்றைத் தானே வாங்கிவந்தாள். அதை வைத்தே கழுவினாள். நாட்கள் போயின, கை அப்படியே இருந்தது. திரும்பவும் கேன் சரக்கைத் தொட்டாள், வெடித்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சொந்த பாட்டிலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன் என்றுதான் கேட்டாள், வேறெதுவும் கேட்கவில்லை. உனக்கு மட்டும் தனி பாட்டில் என்றால் வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றாள் அண்ணி. அடுத்த வாரம் தொட்டியடியில் வேறொருத்தி நின்றாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். அவள் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"நல்லா ஆறிடுச்சே. அப்புறம் என்ன? வெளிய யார்கிட்டயும் அந்தக் கேனைப் பத்திப் பேசாத."

"இதைச் சொல்லத்தான் வந்தியாண்ணா?"

அவள் கையை உருவிக்கொண்டு பழப்பையை அவன் கையிலேயே கொடுத்தாள். புதிதாக வந்தவளுக்கும் விரல் சிவக்க ஆரம்பித்தால் தன்னிடம் அனுப்பும்படி சொன்னாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, தங்கச்சிக்கு வாய் நீளம் என்று முணுமுணுத்தபடி படியிறங்கினான்.