மூக்கு வரியில் நின்ற கை

போன புதன்கிழமை காலை, ஒரு சொல்லை மறந்துவிட்டாள் என்று என் மகளைத் திட்டினேன். இரண்டே கால் வயசுக் குழந்தையை யாராவது திட்டுவார்களா? நான் திட்டினேன்.

இனியா எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். எனக்கு நாற்பத்தாறு வயசு. அவளுக்குப் பேச வருவது பன்னிரண்டே சொற்கள். எண்ணிக்கொண்டே இருக்கும் அப்பன் நான். அதனால் காரமடையில் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் கைப்பாட்டு.

சிமிட்டுது சிமிட்டுது — கண்ணு
ஆடுது ஆடுது — காது
தும்முது தும்முது — மூக்கு
பாடுது பாடுது — வாயி

பிளே ஸ்கூல் மல்லிகா மிஸ் சொன்ன முறைப்படிதான் பாடுவேன். குழந்தைக்கு எதிரே, அவள் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். வரியை மெதுவாகப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பிறகு... காத்திருக்க வேண்டும். முதலில் கைதான் பதில் சொல்லும். சொல் பின்னால் வரும்.

செவ்வாய் மாலை கண்ணுக்குச் சிமிட்டினாள். காதைப் பிடித்து ஆட்டினாள். மூக்குக்குப் பாதி எழுந்த கை, மடியில் விழுந்தது. வாய்க்கு மறுபடி சரி. புதன் காலையும் அதே.

வந்த சொல் போய்விடுமா? போனில் தேடினேன். வளர்ச்சிக் குறையாக இருக்கலாம் என்று வந்தது. தேடியிருக்கக் கூடாது. அந்த ஒரு வரியையே ஒன்பது தடவை பாடி, கடைசியில் குரலை உயர்த்திவிட்டேன். அழுதாள்.

"ஏனுங்க, புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குது. பரீட்சையா வெக்கறீங்க? உடுங்க" என்றாள் என் மனைவி கவிதா.

பள்ளியில் விடும்போது மிஸ்ஸிடம் புலம்பினேன். அவர் இனியாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரே தடவை பாடினார். பிறகு ஒரு பொம்மையை நீட்டி, "அம்மணி, பாப்பா மூக்கு எங்க?" என்றார். பட்டென்று தொட்டாள்.

"மறக்கலீங்க சார். மறந்த புள்ள நம்ம கையப் பாத்து அரைகுறையாவாச்சும் செய்யும்ங்க. இவ மூஞ்சியத் திருப்பிக்கறா. வலிக்குதுங்க. ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது பாருங்க... உள்ள என்னமோ இருக்குது. இப்பவே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

கோவையில் காது மூக்கு டாக்டர் எடுத்தது, ஒரு பட்டன் பேட்டரி. சீரியல் லைட் ரிமோட்டிலிருந்து கழன்றதை அவளே மூக்கில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அது பட்டு உள்ளே சதை வெந்திருந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா மூக்கோட நடுச்சுவர்ல ஓட்டையே விழுந்திருக்கும்" என்றார். இப்போதும் முழுசாகத் தப்பித்தோமா என்பது இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

சொற்களை எண்ணியவன் குழந்தையைப் பார்க்கவில்லை. வேறென்ன சொல்ல?

அந்த இரண்டு வாரமும் அவள் மூக்கைத் தொடக் கூடாது. ஆனால் பாட்டு வேண்டுமாம். அந்த வரியைத் தாண்டிப் பாடினால் விடுவாளா? முதலிலிருந்து பாட வைக்கிறாள். மூக்கு வரும்போது என் மூக்கைப் பிடித்துக் கிள்ளுகிறாள்.

நன்றாகவே வலிக்கிறது. கிள்ளட்டும்.