மகதலேனா அத்தையின் பேர் இரண்டாம் வரியில்

எங்கள் ஷார்மைனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த வாலண்டைனின் மூத்த மகள் அவள். வாலண்டைன் எனக்கு மாமன் மகன் முறை. அப்பா வேலைக்குப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் விரல் விட்டுக் கழித்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளை என்பதால், கணக்கு அவளுக்குக் கைவந்துவிட்டது.

பதினான்கு வருடம் ஊரார் வைத்த டியூஷன் மையங்களில் ஐந்தாம் படிவம் என்னும் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். இந்த வருடம்தான் சொந்தமாக வகுப்பு நடத்தப் போகிறேன் என்று கிள்ளான் ஊருக்கு வந்தாள். கிள்ளானில் அய்யாவு அங்கிளின் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. அதைக் கேட்டு ஒரு நடன வகுப்புக்காரரும் நின்றார்.

“வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள பத்துப் பிள்ளைங்க பேரக் காட்டு, ரூம் உனக்கு. இல்லன்னா சலங்கைக்காரங்களுக்கு” என்றார் அய்யாவு.

ஞாயிறன்று இலவசமாக ஒரு மாதிரி வகுப்பு வைத்தாள். ஒரு பையில் கலர் மிட்டாய்களைப் போட்டு, கண்ணை மூடி எடுத்தால் சிவப்பு வர வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு பதில் சொன்னார்கள். பக்கத்துக் கைப்பேசிக் கடை சாதிக், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன், அதை நாற்பது நொடி வீடியோவாக எடுத்து வெட்டிக் கொடுத்தான்.

இணையத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே போட வேண்டிய குறிப்பை ஷார்மைனே எழுதினாள். அங்கேதான் எங்கள் குடும்பத்து ரத்தம் வேலை காட்டியது. நாங்கள் எதைத் தொடங்கினாலும் நன்றியில்தான் தொடங்குவோம். கடவுளுக்கு நன்றி, மடக்கு நாற்காலி ஆறு தந்த மகதலேனா அத்தைக்கு நன்றி, மிட்டாய் வாங்கித் தந்த பெரியம்மாவுக்கு, மின்விசிறி மாட்டிய சித்தப்பாவுக்கு, அப்பா வாலண்டைனுக்கு என்று பன்னிரண்டு வரி. கடைசி வரியில்தான், “வெள்ளி மாலை ஆறு மணிக்குள் பதிவு” என்பதும் வாட்ஸ்அப் எண்ணும்.

புதன்கிழமை வரை நானூறு பேர் பார்த்துவிட்டார்கள். இதயம் போட்டார்கள், வாழ்த்து எழுதினார்கள். பதிவு ஒன்றுமில்லை. ஒரு தாய் மட்டும், “டீச்சர், எப்ப சேரணும்?” என்று கேட்டிருந்தாள்.

“போட்டிருக்கேனே, இவங்களுக்குக் கண்ணு இல்லையா?” என்று ஷார்மைன் சாதிக்கிடம் போனை நீட்டினாள்.

“அக்கா, வீடியோக்குக் கீழ ஒரு வரிதான் தெரியும். மீதியப் பார்க்கணும்னா விரல வச்சுத் திறக்கணும். உங்க முதல் வரியில ‘முதற்கண் இறைவனுக்கு நன்றி’ மட்டும்தான் இருக்கு. யாரு திறப்பா?”

“அடக் கடவுளே! இப்ப அழிச்சுட்டுப் புதுசா போடணுமா?”

“வேணாம்க்கா. அழிச்சா பார்த்தவங்க கணக்கெல்லாம் போயிடும். மேல மூணு புள்ளி இருக்கு பாருங்க, அதத் தொட்டு எழுத்த மட்டும் மாத்துங்க.”

நன்றியை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு, முதல் வரியில், “வெள்ளி மாலை 6க்குள் பதிவு” என்று போட்டாள். அடுத்தது பாடம், படிவம், எண். அன்றைக்கே இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

வியாழன் காலையில் மகதலேனா அத்தை கூப்பிட்டாள்.

“ஏண்டி, என் பேரு எங்க? கோயில் பாட்டுக்குழுவுல இருபத்தெட்டுப் பேருக்கு அனுப்பி, ‘என் பேரு வந்திருக்கு பாருங்க’ன்னு சொல்லியாச்சு. எல்லாரும் திறந்து பார்த்துட்டு, ‘எங்க காணோம்’னு கேக்குறாங்க லா! என் நாற்காலிய நான் எடுத்துக்கிறேன்.”

ஷார்மைனுக்குத் திட்டு காதிலேயே ஏறவில்லை. ‘எல்லாரும் திறந்து பார்த்தார்கள்’ என்பது மட்டும் ஏறியது.

“அத்தை, அஞ்சு நிமிஷம் குடுங்க. உங்க பேரு வரும். ஆனா தேதிக்கு அடுத்துதான்.”

முதல் வரியில் தேதி. இரண்டாம் வரியில், நாற்காலி தந்த மகதலேனா அத்தை. பிறகு பாடமும் எண்ணும். அதற்கும் கீழே பெரியம்மா, சித்தப்பா, எல்லா உறவும். தன் பேரைத் தேடித் திறந்த ஒவ்வொருவரும் தேதியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பேரைக் கண்டதும் சும்மா இருப்பார்களா? பேரப்பிள்ளை உள்ள வீடு எல்லாவற்றுக்கும் அனுப்பினார்கள்.

வெள்ளி ஐந்தரைக்கு ஒன்பது பேர். ஷார்மைன் கடைப் படியேறி அய்யாவு முன்னால் போனை வைத்தாள்.

“ஒண்ணு குறையுது, அங்கிள்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறிப்பை மேலிருந்து கீழ் வரை இரண்டு தரம் வாசித்தார்.

“நாற்காலி குடுத்தவ பேரு இருக்கு. மிட்டாய் குடுத்தவ பேரு இருக்கு. ரூம் குடுத்தவன் பேரு எங்க?”

“நீங்க இன்னும் குடுக்கலையே, அங்கிள்!”

அவர் சிரித்துவிட்டார். “என் பொண்ணு மக பிரெண்டா ஐந்தாம் படிவம்தான். கணக்குன்னாலே அழுவா. அவ பேர எழுதிக்கோ. பத்தாச்சா? இப்ப என் பேரப் போடு.”

ஆறு மணி அடித்ததும் ஷார்மைன் மறுபடி மூன்று புள்ளியைத் தொட்டாள். முதல் வரி, “பதிவு முடிந்தது.” இரண்டாம் வரியில் அய்யாவு அங்கிள்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மகதலேனா அத்தையின் போன் வந்தது.