ஜெயராமன் விட்டுப்போன சீனு

எங்கள் டவுன்ஷிப்பில் ரிட்டயர்மென்ட் என்றால் மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ. பிறகு லாரி வரும். பீரோ ஏறும், கட்டில் ஏறும், துளசித் தொட்டிகூட ஏறும். நாய் மட்டும் ஏறாது. லாரி போன பிறகு அது கேட்டருகே நின்றுகொண்டிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிர் குவார்ட்டர்ஸ் ஜெயராமன் அப்படி விட்டுப்போனதுதான் சீனு. அதைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் கருப்பசாமி அண்ணன். மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். மகள் படிப்புக்காக மனைவி தமயந்தி சாத்தூரிலேயே இருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் பேச ஆள் இல்லாத வீடு. சீனு வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. பேசியது அண்ணன் மட்டும்தான் என்றாலும் எங்களுக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் சீனு சோறு தின்பது இங்கே, படுப்பது ஜெயராமன் பூட்டிவிட்டுப் போன வீட்டின் பின்வாசலில். நன்றி கெட்ட நாய் என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. ஈறில் ரத்தம் கசிந்தது, முன்காலில் தோலுக்கடியில் கருநீலமாக வீக்கம். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் உமாராணியிடம் ஓடினார். அவர் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்த்தார். சில நிமிடங்களில் உறைந்திருக்க வேண்டியது, தண்ணீர் போலவே ஆடிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய இடத்தை அண்ணன் விரலால் அழுத்தியபடியே நின்றார்.

“எலி மருந்து எதுவும் தின்னுச்சா?”

“எங்க வீட்ல கிடையாதும்மா. நேத்துகூட நல்லாத்தான இருந்துச்சு?”

“நேத்து தின்னதா இருக்காது சார். தின்னு மூணு, நாலு நாளைக்கு ஒண்ணுமே தெரியாது. ரத்தத்துல ஏற்கெனவே இருக்கிற உறையவைக்கிற சத்து தீர்ந்த பிறகுதான் உள்ளுக்குள்ள ஒழுக ஆரம்பிக்கும்.”

சீனு படுக்கும் பின்வாசல் நினைவுக்கு வர, அண்ணன் உடனே ஜெயராமனுக்கு போன் போட்டார். “ஆமாப்பா, எலித் தொல்லை. கிளம்புறப்ப பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழ எலி மருந்து கேக் வச்சேன். குவார்ட்டர்ஸ் காலி பண்றவன் எல்லாரும் வைக்கிறதுதானே?” என்றார் அவர். வைக்கிறதுதான். நாயை விட்டுப்போகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது, விஷம் வைத்துவிட்டுப் போகிற பழக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாசலில் செய்தவர் அவர்.

நான் அந்தப் பின்வாசலுக்கு ஓடிப்போய் அந்தக் கேக்கின் கிழிந்த கவரை எடுத்துவந்தேன். டாக்டர் அதிலிருந்த மருந்தின் பெயரைப் படித்தார். உடம்பில் வெகுநாள் தங்குகிற வகை என்றார். வைட்டமின் கே-1 ஊசி போட்டார். அது வேலை செய்யச் சில மணி நேரமாகும், அதுவரை அசையவிடக் கூடாது என்று அங்கேயே வைத்துக்கொண்டார். மறுநாள் ரத்தம் உறைந்தது. அதன்பிறகு மாத்திரை, நான்கு வாரம், நெய்யோ முட்டையோ கலந்த சோற்றோடு. கொழுப்பு சேர்ந்தால்தான் உடம்பில் பிடிக்குமாம்.

இரண்டாவது வாரத்திலேயே சீனு சங்கிலியை இழுத்துக்கொண்டு துள்ளியது. அதே சமயத்தில் சாத்தூரில் குலதெய்வக் கோயில் கொடை விழா வந்தது. அண்ணன் முன்பே லீவு வாங்கி வைத்திருந்தார். டாக்டரிடம் கேட்டார்: “ஓடுதும்மா. நிறுத்திரலாமா?”

“மாத்திரை போறதாலதான் ஓடுது. விஷம் ஈரல்ல அப்படியே உக்காந்திருக்கு. இப்ப நிறுத்தினா சில நாள்ல மறுபடி ரத்தம் கசியும்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாத்திரையைத் துப்பிவிட்டால் உனக்குத் தெரியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்று போனில் தமயந்தி போட்ட சத்தம் என் வீடுவரை கேட்டது. “பொண்டாட்டி பிள்ளையவிட நாய் பெருசாப் போச்சோ?” கொடை நடந்த அன்று அண்ணன் சட்டியில் நெய் சோறு பிசைந்துகொண்டு இங்கே தனியாக உட்கார்ந்திருந்தார்.

நான்கு வாரம் முடிந்தது. உடனே டெஸ்ட் எடுத்தால் மாத்திரையின் தயவில் நன்றாகத்தான் காட்டும், இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருக்கட்டும் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் அண்ணன் சீனுவின் உதட்டைத் தூக்கித் தூக்கி ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறது என்று லேபிலிருந்து ரிசல்ட் வந்ததும் சத்தமாகவே அழுதார்.

வீட்டுக்கு வந்து சங்கிலியை அவிழ்த்தார். சீனு ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு, நேராக எதிர்வீட்டின் பின்பக்கம் ஓடி, அந்தப் பூட்டிய கதவின் முன் படுத்துக்கொண்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “மறுபடியும் அங்கயே போவுது பாருங்கண்ணே!”

“போகும்னு தெரியும்ல. அதான் நேத்தே கல்ல நகத்தி, ஒரு துணுக்கு விடாம அள்ளிட்டேன்” என்றார்.

பிறகு உள்ளே போய்ச் சோறு பிசைந்தார். மாத்திரை இல்லை, ஆனாலும் நெய் விட்டார். தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பின்வாசலுக்குப் போனார்.