எட்டு வீட்டுக்கு அரையணா வரி

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கூட்டல் கழித்தல் சரியாக வந்துவிட்டால் ஊர் உலகமே சரியாகிவிடும் என்று நம்பிய மடையன் நான். அந்த நம்பிக்கைக்கு என் முன்பல் ஒன்று போயிற்று. இன்னொருவருக்கு இரண்டு பல் போயின, ஒரு கையும் முறிந்தது. அவர் கணக்கே போடாதவர்.

புதுப் பைசா வருவதற்கு முந்தைய காலம். மீஞ்சூர் கடைத்தெருவில் ஆணி, பூட்டு, கயிறு, விளக்குக் கண்ணாடி விற்கும் கடையில் எனக்கு பில் போடும் உத்தியோகம். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அப்போது ரூபாய்க்கு மூன்று தம்பிடி விற்பனை வரி. நாலணா சாமானுக்கு முக்கால் தம்பிடி வரும். முக்கால் தம்பிடிக்கு நாணயம் ஏது? கையில் புழங்கிய ஆகச் சிறிய காசு காலணா. அதாவது மூன்று தம்பிடி. ஆகவே நான் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே தாராளமாகக் காலணா வரி எழுதிவிடுவேன். நாலணா சாமான் எட்டு வாங்கினால் எட்டு காலணா, இரண்டணா. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் யாரும் கேட்டதில்லை.

வரி ஆபீசிலிருந்து வந்தவர் கேட்டார். பில் புத்தகத்தின் கார்பன் நகல்களைப் புரட்டிவிட்டு, "இரண்டு ரூபாய் சாமானுக்குச் சட்டப்படி அரையணாதானே வரி? இரண்டணா எப்படி வாங்கினீர்கள்?" என்றார். அதிகமாக வாங்கியதை எல்லாம் சர்க்காருக்குக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி பழவேற்காட்டு சாயபு. கோபம் வந்தால் கத்த மாட்டார், எழுதுவார். அன்று சாயங்காலமே கல்லாவுக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்:

"கடை ஆட்களுக்கு. வரியைச் சாமான் சாமானாகப் போட்டு முழுசாக்கக் கூடாது. எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத்துக்கு வரி போட்டு, பில்லின் அடியில் ஒரே ஒரு தடவைதான் காலணாவுக்கு முழுசாக்க வேண்டும். மீறினால் சம்பளத்தில் பிடிக்கப்படும்."

'கடை ஆட்கள்' என்றால் நானும் மூட்டை தூக்கும் ஆளும். அவருக்குப் படிக்கத் தெரியாது.

வாரம் ஒருமுறை கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் வருவார். எட்டு வீடுகளுக்குச் சாமான் வாங்கிப் போவார். வீட்டுக்கு நாலேகாலணா: சாமான் நாலணா, வரி காலணா. கூலி வாங்க மாட்டார், நாஷ்டா மட்டும். பில்லை உருட்டி பீடி பற்றவைத்துக்கொள்வார். நோட்டீஸ் ஒட்டிய வாரம் அவரிடம் நான் பெருமையாகச் சொன்னேன்: "அண்ணே, இனிமே எட்டு வூட்டுக்கும் சேர்த்தே அரையணாதான் வரி."

"நல்லதா போச்சு நைனா," என்று மீதி ஒன்றரையணாவை முடிந்துகொண்டு போனார்.

ஒன்றரையணா என்பது ஆறு காலணா. வீடுகள் எட்டு. யோக்கியமான மனிதர், மரத்தடியில் எல்லாரையும் கூட்டி நடந்ததைச் சொல்லிக் காசை நடுவில் வைத்திருக்கிறார். கமுக்கமாக மடியில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. படித்த இளவட்டம் ஒருவன் எழுந்து கேட்டானாம்: "மொத்தத்துக்கே அரையணா வரின்னா, இத்தினி நாளா எங்ககிட்ட வாங்கின ரெண்டணா எங்க போச்சு? பழைய பில்லைக் காட்டு." பழைய பில்லெல்லாம் பீடியோடு புகைந்து போயிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவரைக் கடை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்கள். எங்கள் கடைக் கயிறுதான், முறுக்கைப் பார்த்தே தெரிந்தது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

அந்த இளவட்டம் என்னிடம் கேட்டான்: "யோவ் பில்லுக்காரரே, ரெண்டு ரூவா சாமானுக்கு இன்னா வரி?"

கணக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. "அரையணா," என்றேன். தம்பிடி பிசகாத பதில்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டிக்காரரின் முகத்தில் முழங்கை இறங்கியது. அவர் படியில் விழுந்தார். விழுந்தவரை உதைத்தார்கள். ஒருவன் கடையில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்து அவர் தோளுக்குக் கீழே போட்டான். கை முறிந்த சத்தம், காய்ந்த மட்டை முறிவதுபோல், கல்லா வரைக்கும் கேட்டது. "கடையில வாங்கினாங்கடா, கடையில," என்று அவர் ரத்தத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

முதலாளி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "வாயத் தொறக்காதே. வாங்கினது நாமன்னு தெரிஞ்சா கடைய எரிச்சிருவானுங்க."

நான் தொறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. வண்டிக்காரருக்கு இரண்டாவது பல் விழும் வரைக்கும். அப்புறம் எப்படித் தைரியம் வந்ததோ, அலமாரியிலிருந்து பழைய நகல் புத்தகத்தை உருவிக்கொண்டு வெளியே ஓடினேன். அப்போதும் புத்தி எங்கே போயிற்று பாருங்கள், கூட்டத்தைச் சமாதானப்படுத்த ஒரு தமாஷ் சொன்னேன்: "அவரை வுடுங்கப்பா, திருடின கை இதோ, என்னா அழகா எழுதுது பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. இளவட்டம் புத்தகத்தைப் பிடுங்கினான். பக்கத்துக்குப் பக்கம் சாமானுக்கு எதிரே காலணா, காலணா, காலணா. அடியில் இரண்டணா. வாரம் தவறாமல். படித்து முடித்தவன் புத்தகத்தாலேயே என் வாயில் அறைந்தான். அந்த அட்டை தகரம் வைத்துத் தைத்தது. முன்பல் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அடுத்தது கடையின் முறை. விளக்குக் கண்ணாடிகள் வரிசையாக உடைந்தன. ஆணி டப்பாக்கள் தெருவில் பறந்தன. முதலாளியின் நெற்றியில் அரை வீசை எடைக்கல் பட்டு ரத்தம் தாடியில் இறங்கியது. "அந்தக் காச சர்க்காருக்குக் கட்டிட்டேன்ய்யா," என்று அவர் சொன்னது உடைந்த கண்ணாடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் கல்லாவைத் திறந்து, சர்க்காருக்குக் கட்டிய அதே காசை இரண்டாம் முறையாக, கையில் வந்தபடி அள்ளிக் கொடுத்தார். அது என் சம்பளத்தில் எத்தனை மாதம் பிடிக்கப்பட்டது என்பதை நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தப்பாகவே போட்டிருப்பேன்.

காசு வாங்கியதும் கூட்டம் கலைந்தது. வண்டிக்காரரின் கட்டை அவிழ்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மூட்டை தூக்குகிறவர்தான் அறுத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். கை மூங்கில் பத்தையில் கட்டித் தொங்கியது. குப்பத்தில் இப்போதும் எங்கள் கடைப் படி ஏறிச் சாமான் கேட்க வேறு ஆளில்லை; அவரையே அனுப்பியிருந்தார்கள். அதே எட்டு வீடு, அதே எட்டுச் சாமான். காசை எட்டு முடிச்சாகத் தனித்தனியே கல்லாமேல் வைத்தார். முடிச்சுக்கு நாலேகாலணா.

அன்று நான் 'அரையணா' என்று சொல்லாமல் 'நாங்கதான் வாங்கினோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை முறிந்திருக்காது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது கணக்கு.

"அண்ணே, எட்டு பில்லா போட்டா ஒவ்வொண்ணுக்கும் காலணா முழுசாயிரும். பழையபடி ரெண்டணா ஆயிரும். நோட்டீஸ்படி ஒரே பில்லுன்னா அரையணாதான். ஒன்றரையணா உங்களுக்கு மிச்சம்."

அவர் என் பல் போன இடத்தைப் பார்த்தார்.

"எட்டு பில்லு போடு."