பரங்கிக்காய் மேல் விழுந்த பழி

என் கொழுந்தனின் மனைவி உப்பிலியபுரத்துப் பெண். அவள் அப்பா வாராவாரம் பஸ்ஸில் பரங்கிக்காய் போட்டு அனுப்புவார். அது போக, தினம் ஒரு டம்ளர் கேரட் ஜூஸ், நிறம் வருமாம். குடிக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் நிறம் வந்தது. உள்ளங்கை, பாதம், மூக்கு நுனி எல்லாம் மஞ்சள்.

“காமாலைதான் அத்தை, அவ தட்டைத் தனியா வைங்க” என்று மாமியாரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தையில்லை. அவள் ஸ்ரீரங்கத்து வீட்டில் கால் வைத்ததிலிருந்தே எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

தென்னூர் டாக்டரம்மா அவள் கண்ணை விரித்துப் பார்த்துச் சிரித்தார். “கண்ணு வெள்ளையா இருக்கே, காமாலைன்னா அதுவும் மஞ்சளாகும். இது பரங்கி, கேரட்டோட நிறம். அதுலேருந்து உடம்பு தேவைக்குத்தான் வைட்டமின் ஏ ஆக்கிக்கும், மிச்சம் தோல்ல தங்கும். கெடுதல் இல்ல. குறைச்சா தானா மறைஞ்சிடும்.”

மாமியார் பரங்கி, கேரட் இரண்டையும் அடியோடு நிறுத்தினார். சத்து போய்விடுமே என்றும் கவலைப்பட்டார். துபாயிலிருந்து என் அண்ணன் எனக்கு அனுப்பிய வைட்டமின் ஏ மாத்திரை அலமாரியில் கிடந்தது. “அதே சத்துதான் அத்தை” என்று எடுத்துக் கொடுத்தேன். நாளுக்கு ஒன்று என்று போட்டிருந்தது. மூன்று கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவள் முழுகாமலிருப்பது தெரிந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்ததை அன்றைக்குப் படித்தேன். காயில் இருப்பதுதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தவில்லை.

மஞ்சள் மறைந்தது. மாமியார் என்னைப் புகழ்ந்து தள்ளினார். அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது, உதடு வெடித்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. “மசக்கைன்னா அப்படித்தான்” என்றேன்.

ஐந்தாம் மாதம் நானும் அவளும் மட்டும் போய் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயம் சரியாக உருவாகவில்லை என்றார்கள். பிறந்தாலும் தங்குவது கஷ்டமாம். வேறு என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்க, அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

“பரங்கி மாதிரி இல்லம்மா இது. உடம்பு வேணும் வேணாம்னு பார்க்க முடியாது, அப்படியே ஈரல்ல சேர்ந்துக்கிட்டே போகும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வயித்துப் பிள்ளையைக் கெடுக்கும். யாரு குடுத்தா?”

“அக்காதான். அவங்களுக்குத் தெரியாது டாக்டர்” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து ஸ்கேன் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் தலையிலடித்துக்கொண்டு அழுதார். “பரங்கிக்காயைத் தின்னு தின்னே பிள்ளையைக் கெடுத்துட்டாளே!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“ஆமா அத்தை, அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?” என்றேன்.